கொதிநீர் தோற்கும் இடம்: ஜாடிக்கும் கத்தரிக்கும் எந்த வெப்பம் சரி?

பீன்ஸை வேகவைத்து ஜாடியில் அடைத்து, மூடியையும் இறுக்கி, ஒரு பெரிய பானைத் தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார் ஒருவர். அதை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறார். சின்னச் சின்னத் தையல் போடும் ஒரு கிளினிக்கில் இன்னொருவர் கத்தரியையும் இடுக்கியையும் இருபது நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, அடுத்த நோயாளிக்கு இது போதும்தானே என்கிறார். இரண்டு கேள்விக்கும் என் பதில் ஒன்றுதான்: போதாது. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதில் இருவருக்கும் வழி வேறு. சமையலறைக்காரருக்கு வேறு சில கதவுகள் திறந்திருக்கின்றன, கிளினிக்காரருக்கு அவை கிடையாது.

முதலில் கொதிநீருக்கு உரிய நியாயத்தைச் செய்துவிட வேண்டும். சாதாரண நிலையில் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியா, பெரும்பாலான வைரஸ், அமீபா, புழு முட்டை எல்லாம் கொதிநீரில் சீக்கிரமே செத்துப்போகும். குடிதண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதியில் மூன்று நிமிடம். அந்த வேலைக்குக் கொதிநீரைவிடச் சிறந்தது தேட வேண்டாம். கொதிநீர் முக்கியமாகத் தோற்பது ஒரு ஆளிடம். அதன் பெயர் எண்டோஸ்போர், சுருக்கமாக ஸ்போர்.

பாக்டீரியா தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும் கலை

எல்லா பாக்டீரியாவும் ஸ்போர் ஆவதில்லை. பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் ஆகிய இரண்டு கூட்டமும் அவற்றின் நெருங்கிய சொந்தங்களும்தான் இதில் கைதேர்ந்தவை. உணவு தீர்ந்துபோனால் அந்தச் செல் தனக்குள்ளேயே ஒரு ஓரமாகச் சுவர் எழுப்பி, சமமில்லாத இரண்டு அறைகளாகப் பிரிகிறது. பெரிய அறை சின்னதை விழுங்கிக்கொள்கிறது. விழுங்கியதைச் செரிப்பதில்லை. அதைச் சுற்றி உறைமேல் உறை போர்த்தி, கடைசியில் தான் உடைந்து செத்து, உள்ளே இருந்ததை வெளியே விடுகிறது. வெளியே வருவதுதான் ஸ்போர். அது சாப்பிடுவதில்லை, வளர்வதில்லை, பிரிவதில்லை. வருடக்கணக்கில் மண்ணில் தூசியாகக் கிடக்கும்.

கொதிநீரில் அது பிழைப்பதற்குத் தடித்த உறைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உறை ரசாயனங்களைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள பொருளுக்குள் வெப்பம் நொடியில் புகுந்துவிடும், ஸ்போரின் நடுப்பகுதியும் 100 டிகிரிக்கு வந்துவிடும். ரகசியம் உள்ளே இருக்கும் ஈரத்தில் இருக்கிறது. சாதாரண பாக்டீரியாவின் எடையில் கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணீர். ஸ்போரின் நடுக்கருவில் அது 25 முதல் 50 சதவீதம் வரைதான். முட்டை வெந்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதே, அதுபோலப் புரதம் வெப்பத்தில் உருக்குலைய வேண்டுமானால் அது நெளிந்து பிரிந்து கொடுக்க வேண்டும். அந்த நெளிவுக்குத் தண்ணீர் தேவை. தண்ணீர் குறைந்த இடத்தில் புரதம் இறுகி நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெப்பம் வருகிறது, ஆனால் குலைக்க முடிவதில்லை.

இந்த வறட்சியைக் கட்டிக்காக்க இரண்டு ஏற்பாடு உண்டு. கருவைச் சுற்றியுள்ள கார்டெக்ஸ் என்ற அடுக்கு, தண்ணீர் திரும்ப உள்ளே ஊறி கரு உப்பிவிடாமல் பிடித்து வைக்கிறது. தண்ணீர் வெளியேறிய இடத்தில் டைபிகோலினிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து நிறைந்திருக்கிறது. ஸ்போரின் உலர் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இதுவே. டி.என்.ஏ.வைச் சுற்றிச் சின்னப் புரதங்கள் தனியாக ஒட்டிக்கொண்டு அதைக் காக்கின்றன.

இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் புரிந்துவிடும்: ஸ்போரைக் கொல்ல வெப்பம் மட்டும் போதாது, அதனோடு ஈரமும் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் வெப்பத்தை மிகவும் ஏற்ற வேண்டும், அல்லது மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஜாடிக் கணக்கு

ஸ்போர் கொதிநீரில் சாகாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. சாகும், ஆனால் மிக மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்பதை ‘டி மதிப்பு’ என்ற அளவால் சொல்கிறார்கள். குறிப்பிட்ட வெப்பநிலையில் ஸ்போர்களின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைய ஆகும் நேரம் அது. ஆயிரம் இருந்தால் ஒரு டி நேரத்தில் நூறு, இன்னொரு டி நேரத்தில் பத்து, அப்புறம் ஒன்று. அதற்குப் பிறகு பூஜ்யம் இல்லை, பத்தில் ஒன்று. அதாவது பத்து ஜாடிகளில் ஒரு ஜாடியில் ஒன்று மிஞ்சியிருக்கும் வாய்ப்பு.

உணவில் நாம் அஞ்ச வேண்டியது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். நரம்பை முடக்கும் நஞ்சைத் தயாரிப்பது அதுதான். இதன் ஸ்போர்கள் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்று எஸ்டி, மேயர் என்ற ஆய்வாளர்கள் 1922இல் அளந்து வெளியிட்டார்கள். தகர டப்பா உணவுத் தொழில் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு அந்த வேலையிலிருந்து வளர்ந்தது. அதன்படி 121 டிகிரியில் டி மதிப்பு 0.21 நிமிடம், ஏறத்தாழ 13 நொடி. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கொல்லும் வேகம் பத்து மடங்கு ஏறும், இறங்கினால் பத்து மடங்கு குறையும். 121க்கும் 100க்கும் நடுவே 21 டிகிரி இருக்கிறது. வேகம் கிட்டத்தட்ட 130 மடங்கு விழுந்துவிடுகிறது. ஆகவே கொதிநீரில் டி மதிப்பு 27 நிமிடம்.

இப்போது அந்த ஒரு மணி நேர ஜாடிக்கு வருவோம். மண் ஒட்டிய காயிலிருந்து ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் பத்து ஸ்போர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நிமிடத்தை 27ஆல் வகுத்தால் 2.2. பத்து ஸ்போர் இரண்டு முறைக்குச் சற்று மேலே பத்தில் ஒன்றாகிறது. ஜாடி ஒன்றுக்கு 0.06 மிஞ்சுகிறது. அதாவது நூறு ஜாடி செய்தால் ஆறு ஜாடிகளில் உயிருள்ள ஸ்போர் இருக்கும்.

என்னைப் பயமுறுத்துவது இந்த ஆறு. நூற்றில் தொண்ணூற்று நான்கு ஜாடி நன்றாகவே இருக்கும். வருடத்துக்கு நான்கைந்து ஜாடி போடுபவர் சில வருடம் எந்தக் கெடுதலும் இல்லாமல் ஓட்டிவிடலாம். “நாங்கள் எத்தனையோ காலமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே” என்று அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் ஒன்றும் ஆகாமல் போனது முறை சரியாக இருந்ததால் இல்லை, எண்ணிக்கை சின்னதாக இருந்ததால்தான்.

அந்த ஆறு ஜாடிகளின் நிலைமை இன்னும் மோசம். கொதித்ததில் மற்ற பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதால் போட்டிக்கு ஆளே இல்லை. கொதிக்கும்போது ஜாடிக்குள் இருந்த காற்றும் வெளியேறிவிட்டது, பாட்டுலினத்துக்கு ஆக்சிஜன் ஆகாது என்பதால் அதுவும் அதற்கு வசதி. போதாததற்கு, அரைகுறை வெப்பம் பல ஸ்போர்களை உறக்கத்திலிருந்து தட்டி எழுப்பவும் செய்யும். அலமாரியின் சாதாரண வெப்பநிலையில் அது முளைத்து, பெருகி, நஞ்சைச் சுரக்கும். ஜாடி உப்பலாம், மூடி திறக்கும்போது புஸ்ஸென்று காற்று வரலாம், நாற்றம் அடிக்கலாம். இவை எதுவுமே இல்லாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால்தான் முகர்ந்து பார்த்து முடிவு செய்வதும், துளி சுவைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது.

அலமாரியில் வைக்க வேண்டுமா? மூன்று வழி

சரி, கொதிநீரிலேயே இன்னும் நேரம் கூட்டினால்? டப்பா உணவுத் தொழிலின் அளவுகோல் பன்னிரண்டு டி. பன்னிரண்டு முறை பத்தில் ஒன்றாக வேண்டும். 27ஐ 12ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஐந்தரை மணி நேரம், அதுவும் ஜாடியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொட்ட பிறகு. மலைப்பகுதியில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கே 17 மணி நேரம். பீன்ஸ் கூழாகிவிடும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, அழுத்த நீராவி. 121 டிகிரியில் பன்னிரண்டு டி என்பது 2.5 நிமிடம்தான். தொழிலில் இதை மூன்று நிமிடமாக வைத்துக்கொள்கிறார்கள். ஐந்தரை மணி நேரம் எங்கே, மூன்று நிமிடம் எங்கே! ஆனால் இது ஜாடியின் நடுவில் இருக்கும் கடைசிக் காய்த்துண்டு 121இல் இருக்க வேண்டிய நேரம். வெளியே இருந்து நடுவுக்கு வெப்பம் போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும். குழம்பு கெட்டியாக இருந்தால் இன்னும் அதிகம், ஜாடி பெரிதானால் இன்னும் அதிகம். ஆகையால் வீட்டில் செய்பவர்கள் ஜாடி அடைப்பதற்கென்றே செய்த அழுத்தப் பாத்திரத்தையும், அந்த உணவுக்கும் அந்த ஜாடி அளவுக்கும் சோதித்து எழுதிய நேரத்தையும்தான் பின்பற்ற வேண்டும். சமையல் குக்கரில் விசில் எண்ணி ஊகிக்கக் கூடாது. சின்ன குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறும். சோதித்த நேரங்கள் மெதுவாக ஏறி மெதுவாக ஆறும் பெரிய பாத்திரத்தை வைத்துக் கணக்கிட்டவை.

மூன்றாவது, ஸ்போரைக் கொல்லாமலேயே விட்டு, முளைக்க விடாமல் தடுப்பது. வீட்டுச் சமையலறைக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். பி.எச். என்ற அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலினம் வளராது. ஸ்போர் உள்ளே கிடக்கும், ஆனால் முளைத்துப் பெருகி நஞ்சு செய்யாது. அப்போது கொதிநீர் வேண்டியதெல்லாம் ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் சாதாரண பாக்டீரியாவையும் கொல்வதுதான். அதைக் கொதிநீர் நன்றாகவே செய்யும். பழ ஜாமும் வினிகர் ஊறுகாயும் கொதிநீரில் பத்திரமாக அடைபடுவதற்குக் காரணம் இதுவே. தக்காளி எல்லையில் நிற்கும் பண்டம். சில ரகம் 4.6க்கு மேலே போய்விடும், ஆகவே அதை அடைக்கும்போது எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ அளந்து சேர்க்கச் சொல்கிறார்கள். பீன்ஸ், பட்டாணி, சோளம், காளான், இறைச்சி, மீன் எதுவுமே இயல்பாக அந்தப் புளிப்புக்கு வராது.

எண்ணெய் ஊற்றி மூடுவதைப் புளிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அது பாட்டுலினத்துக்கு உதவி. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு வந்த பாட்டுலிசத்துக்குக் காரணம், எண்ணெயில் போட்டு வெளியில் வைத்திருந்த நறுக்கிய பூண்டு.

மாதக்கணக்கில் வைக்கும் எண்ணம் இல்லை, நாளைக்குத்தான் என்றால் குளிர்ச்சி போதும். ஆனால் சீக்கிரம் ஆற்ற வேண்டும். பெரிய அண்டாவில் வெந்த இறைச்சிக் குழம்பு அடுப்பை அணைத்த பிறகு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதில் பிழைத்த கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஸ்போர் முளைத்தால், 43 டிகிரிக்குப் பக்கத்தில் சாதகமான நிலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் பதினெட்டு இரட்டிப்பு. ஒன்று இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே குழம்பைத் தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, 60 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும்.

“மறுபடி கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்தானே?” என்ற கேள்வி எப்போதும் வரும். பெர்ஃபிரிஞ்சன்ஸ் முளைத்துப் பெருகியிருந்தால் நன்றாகக் கொதிக்க வைப்பது உதவும். பாட்டுலினம் நஞ்சுகூடப் பத்து நிமிடக் கொதிப்பில் சிதைந்துவிடும், ஸ்போர்தான் சாகாது. ஆனால் அரிசிச் சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் தலைகீழான கதை. வாந்தி வரவைக்கும் அதன் நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றை எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை, கொட்டிவிட வேண்டியதுதான்.

கிளினிக்கின் தட்டு

கத்தரிக்கும் இடுக்கிக்கும் மேலே சொன்ன மூன்றாவது வழி கிடையாது. முளைக்க விடாமல் தடுக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் கருவி போய்ச் சேரும் இடம் மனிதச் சதை. வெதுவெதுப்பு, சத்து, ஈரம் எல்லாம் அங்கே தயார். நசுங்கிய, ரத்த ஓட்டம் நின்ற சதையில் ஆக்சிஜனும் இருக்காது. தசைவிறைப்பு ஜன்னியைத் தரும் கிளாஸ்ட்ரிடியம் டெட்டனியும் சதை அழுகலைத் தரும் பெர்ஃபிரிஞ்சன்ஸும் எதிர்பார்ப்பது இதைத்தான். ஆக இங்கே கொன்றே தீர வேண்டும். எதைக் கொண்டு கொல்வது என்பதுதான் தேர்வு.

இருபது நிமிடக் கொதிநீர் அந்தத் தட்டை ‘சுத்தமான’ தட்டாக்கும், கிருமியற்ற தட்டாக்காது. தோலைத் தாண்டி உள்ளே போகும் எந்தக் கருவிக்கும் அது ஏற்றதில்லை.

ரசாயனத்தில் ஊறவைப்பது அடுத்து எல்லோரும் தேடும் வழி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆல்கஹால் ஸ்போரைக் கொல்லாது, எத்தனை நாள் ஊறினாலும். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியா பரவும் வார்டுகளில் ஆல்கஹால் கைத்தடவல் மட்டும் போதாது, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். கழுவும்போது ஸ்போர் சாவதில்லை, கையை விட்டுப் போகிறது. குளூட்டரால்டிஹைடு இரண்டு சதவீதக் கரைசல் ஸ்போரைக் கொல்லும், ஆனால் அறை வெப்பநிலையில் பத்து மணி நேரம் வேண்டும். இருபது நிமிடம் ஊறவைத்தால் சாதாரண கிருமிகள் சாகும், ஸ்போர்கள் மிஞ்சும். வெப்பம் தாங்காத எண்டோஸ்கோப் போன்ற கருவிகளுக்கு இது சரியான வழி. எஃகுக் கத்தரியை இதில் போட்டு வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பத்து மணி நேரம் என்று எழுதியிருப்பது நெருக்கடியான நாளில் எத்தனை நிமிடமாகச் சுருங்கும் என்பது அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

உலர் வெப்ப அடுப்பு நிச்சயமாகக் கொல்லும். 160 டிகிரியில் இரண்டு மணி நேரம், அல்லது 170இல் ஒரு மணி நேரம். 121 டிகிரி நீராவிக்குக் கால் மணி நேரம் போதும்போது, 160 டிகிரி காற்றுக்கு ஏன் இரண்டு மணி நேரம்? காரணம் முன்பே பார்த்த ஈரம்தான். ஈரமில்லாத இடத்தில் புரதம் குலைவதில்லை, மெதுவாகக் கருக வேண்டியிருக்கிறது. நீராவி புக முடியாத எண்ணெய், கிரீஸ், பொடி, கண்ணாடிப் பாத்திரம் ஆகியவற்றுக்கு இந்த அடுப்பு நல்லது. துணி, ரப்பர், பிளாஸ்டிக் வைத்தால் வீணாகும்.

ஒரு பழைய தந்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பல மணி நேரம் கொதித்தும் கெட்டுப்போன வைக்கோல் கஷாயத்தோடு போராடிய இயற்பியலாளர் ஜான் டிண்டல், 1877இல் ஒரு வழி கண்டுபிடித்தார். இன்று கொஞ்ச நேரம் கொதிக்க வை, ஒரு நாள் ஆற விடு, நாளை மறுபடி கொதிக்க வை, அதற்கடுத்த நாளும். இடையில் முளைக்கும் ஸ்போர் தன் உலர்ந்த கவசத்தை இழந்துவிடும், அடுத்த கொதிப்பில் செத்துவிடும். அழகான யோசனை. சத்துள்ள திரவத்தில் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் எஃகுக் கத்தரிமேல் உட்கார்ந்திருக்கும் ஸ்போருக்கு முளைக்கச் சத்து ஏது? அது மூன்று நாளும் உறங்கிவிட்டு நான்காம் நாள் காயத்தில் எழும். கருவிகளுக்கு இதை நம்பக் கூடாது.

மிஞ்சுவது ஆட்டோகிளேவ், அழுத்த நீராவி. கிளினிக் சின்னதானாலும் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 121 டிகிரி நீராவி குளிர்ந்த எஃகில் பட்டதும் தண்ணீராக மாறுகிறது. மாறும் நொடியில் தன்னிடமுள்ள உள்ளுறை வெப்பத்தைக் கருவியிடம் கொட்டுகிறது. ஒரு கிலோ நீராவி தண்ணீராகும்போது தரும் வெப்பம், அதே ஒரு கிலோ கொதிநீர் அறை வெப்பநிலைக்கு ஆறும்போது தருவதைப்போல ஆறேழு மடங்கு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து ஸ்போர்மேலேயே இறங்குகின்றன. சுற்றாத கருவிக்கு 121 டிகிரியில் 15 நிமிடம், துணியில் சுற்றிய பொதிக்கு 30 நிமிடம். காற்றை உறிஞ்சி எடுக்கும் வகை இயந்திரத்தில் 134 டிகிரியில் மூன்று நான்கு நிமிடமே போதும்.

ஆட்டோகிளேவ் ஏமாற்றும் விதம்

இதன் எதிரி காற்று. பாத்திரத்தில் காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி சரியாகவே காட்டும், வெப்பம் மட்டும் வராது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் காற்று முழுக்க வெளியேறியிருந்தால் 121 டிகிரி. பாதிக் காற்று தங்கியிருந்தால் அதே முள், அதே 15 பவுண்டு, ஆனால் 112 டிகிரி. ஒன்பது டிகிரிதானே என்று தோன்றும். பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில் வேகம் எட்டில் ஒன்றாகிவிட்டது. 15 நிமிடம் ஓட்டியது இரண்டு நிமிடத்துக்குச் சமம். ஆகவே அழுத்தமானியை மட்டும் பார்த்து நேரம் எண்ணத் தொடங்கக் கூடாது. வால்வைத் திறந்து வைத்து நீராவி இடைவிடாமல் பீறிட்டு வரும் வரை காத்திருந்து, அப்புறம்தான் மூட வேண்டும். வெப்பமானி 121ஐத் தொட்ட பிறகே நேரம் தொடங்கும்.

பாத்திரம் முழுக்க 121 ஆனாலும் காற்று ஒளிய இடம் இருக்கிறது. நான் ஒரு ஆய்வகத்தில் வேலை செய்தபோது, கருவிகளை ஓட்டையில்லாத எஃகு டப்பாவில் இறுக்கமாக மூடி உள்ளே வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. டப்பாவின் மேல் ஒட்டிய, சூட்டில் நிறம் மாறும் டேப்பில் ஒவ்வொரு முறையும் கருப்புக் கோடு அழகாக வந்தது. ஒரு நாள் ஸ்போர் அடங்கிய சோதனைக் குப்பி ஒன்றை டப்பாவுக்கு உள்ளேயே வைத்து ஓட்டினோம். மறுநாள் அது மஞ்சளாகியிருந்தது. உள்ளே ஸ்போர் உயிரோடு இருந்தது. டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட காற்று சூடாகியிருந்தது, ஆனால் நீராவி நுழையவே இல்லை. கருவிகளுக்கு அங்கே கிடைத்தது 121 டிகிரி உலர் வெப்பம், அதுவும் 15 நிமிடம். 160 டிகிரியிலேயே இரண்டு மணி நேரம் கேட்கும் வேலை அது. மூடியைத் திறந்து சாய்த்து வைத்து, கத்தரிகளின் பிடியை விரித்து வைத்து மறுபடி ஓட்டிய பிறகுதான் சரியாயிற்று. அதற்கு முன் எத்தனை டப்பா அப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

டேப்பின் கருப்புக் கோடு சொல்வது இந்தப் பொதி சூட்டுக்குள் போய் வந்தது என்பதை மட்டும். உள்ளே ஸ்போர் செத்ததா என்று அதற்குத் தெரியாது. சாவை உறுதி செய்ய ஸ்போரையேதான் கேட்க வேண்டும். அந்தக் குப்பியில் இருப்பது ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ். 121 டிகிரியில் அது பத்தில் ஒன்றாகக் குறைய சுமார் இரண்டு நிமிடம் ஆகும், பாட்டுலினத்தின் 13 நொடியைவிடப் பல மடங்கு. இவ்வளவு முரட்டு ஆள் செத்திருந்தால் மற்றவையும் செத்திருக்கும் என்பதே அதன் நியாயம். மனிதருக்கு அது நோய் தருவதில்லை. 55 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் நன்றாக வளரும்.

வாரம் ஒரு முறையாவது அந்தக் குப்பியை நிறைய அடுக்கிய பொதியின் நடுவில், நீராவி எட்டுவதற்குக் கடினமான மூலையில் வையுங்கள். கைக்கு வசதியான இடத்தில் வைத்தால் வசதியான பதில்தான் வரும். ஓட்டம் முடிந்ததும் அதை, அந்த பாக்டீரியா வளர ஏற்ற சூட்டில் வைத்திருக்கும் வளர்ப்பானில் வைத்து ஒன்றிரண்டு நாள் பார்க்க வேண்டும். ஊதா நிறம் மாறாமல் இருந்தால் ஸ்போர் செத்தது, மஞ்சளானால் பிழைத்தது. மஞ்சளானால் அந்த இயந்திரத்தில் கடைசியாக ஊதா வந்த நாளுக்குப் பிறகு போன பொதிகளைத் திரும்ப எடுத்து மறுபடி ஓட்ட வேண்டும், காரணம் தெரியும் வரை இயந்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கூடவே ஆட்டோகிளேவில் வைக்காத அதே பெட்டிக் குப்பி ஒன்றையும் வளர்ப்பானில் வைக்க மறக்கக் கூடாது. அது மஞ்சளாக மாறியே தீர வேண்டும். அதுவும் ஊதாவாகவே நின்றால் குப்பிகள் வாங்கும்போதே செத்திருக்கலாம், அல்லது வளர்ப்பானின் சூடு தவறியிருக்கலாம். அந்த நாளின் ஊதா நிறத்தை நம்பி ஒரு கத்தரியையும் வெளியே அனுப்பக் கூடாது.